மூன்று இருபதுக்கு விற்பவர் நீங்கள் மட்டும் இல்லை

வாங்கிய பங்கை அன்றே விற்று முடிக்கும் இன்ட்ராடே பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் எங்கே வாங்குவது, நட்டம் எல்லை தாண்டாமல் தானாக விற்கும் ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது என்று சொன்னார்கள். மாலை மூன்று மணிக்கு மேல் உங்கள் கணக்கில் உங்களைத் தவிர இன்னொருவரும் ஆர்டர் போடுவார் என்பதை யாரும் சொல்லவில்லை. அதைத் திருகோணமலையில், மனைவி வீட்டு முன் அறையில், தனியாக உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய ₹14,000 போனது. இலங்கைக் காசில் 50,000 ரூபாயை நெருங்கும். பணத்தைவிட, அன்று மூன்று இருபதிலிருந்து மூன்று முப்பது வரை பட்ட அவஸ்தைதான் இதை எழுத வைக்கிறது.

நான் திருச்சிக்காரன். மனைவி திருகோணமலை. மாமிக்கு உடம்பு முடியாமல் போனதால் சில வாரம் அங்கே போய் இருந்தோம். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான், 2006 முதல் இரண்டு கடிகாரமும் ஒரே மணி காட்டுகின்றன. அதனால் காலை ஒன்பதே காலுக்கு மும்பையில் சந்தை திறக்கும்போது இங்கேயும் ஒன்பதே கால்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது, மதியச் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறப்பது என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. இந்த வழக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஊரில் இருக்கும்போது காலையிலேயே வாங்கி மதியத்துக்குள் முடிப்பவன், இங்கே மதியத்துக்கு மேல் வாங்க ஆரம்பித்தேன். அதே முறை, அதே இலக்கு, அதே ஸ்டாப் லாஸ். ஆனால் கையில் இருந்த நேரம் மட்டும் பாதிகூட இல்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் லெவரேஜ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் மாட்டிக்கொண்டேன் என்பது புரியாது. பங்குகளை இன்ட்ராடேக்கான MIS என்ற வகையில் வாங்கினால் முழுப் பணம் வேண்டாம். சந்தை ஒழுங்காளரான செபியின் விதிப்படி குறைந்தது 20 சதவீதப் பணம் மார்ஜினாக இருந்தால் போதும், அதாவது அதிகபட்சம் ஐந்து மடங்கு. முன்பெல்லாம் தரகு நிறுவனங்கள் பத்து, இருபது மடங்குகூடக் கொடுத்தன. 2020 டிசம்பரில் தொடங்கிப் படிப்படியாக இறுக்கி, 2021 செப்டம்பரில் அதை முழுவதுமாக நிறுத்தினார்கள். என் கணக்கில் ₹60,000 இருந்தது, ஐந்து மடங்கில் ₹3,00,000க்கு வாங்கலாம். மீதி ₹2,40,000 அந்த ஒரு நாளுக்கு மட்டும், அதுவும் சந்தை மூடும் வரைகூட இல்லை, தரகர் வைத்த கெடு வரை மட்டும் கிடைக்கும் வசதி. இரவு முழுக்க அந்த ஆபத்தைச் சுமக்கத் தரகருக்கு விருப்பமில்லை. அதனால் சந்தை 3:30க்கு மூடினாலும், அதற்குச் சில நிமிடம் முன்பே திறந்திருக்கும் MIS பொசிஷனையெல்லாம் அவர்களே மார்க்கெட் விலையில் முடித்துவிடுகிறார்கள். என் தரகருக்கு அது 3:20. வேறு நிறுவனத்தில் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். இந்த நேரத்தைப் பரிவர்த்தனை மையம் வைப்பதில்லை, ஒவ்வொரு தரகரும் தானாக வைத்துக்கொள்வது, சொல்லிவிட்டு மாற்றவும் செய்வார்கள்.

அன்று மதியம் 2:05க்கு ஒரு நடுத்தர நிறுவனப் பங்கை ₹400க்கு 750 வாங்கினேன். சரியாக ₹3,00,000, லெவரேஜ் முழுக்கப் போய்விட்டது. இலக்கு ₹406, ஸ்டாப் லாஸ் ₹397. ஸ்டாப் லாஸ் ஆர்டரை உடனே போட்டும்விட்டேன். மூன்று மணி வரை பங்கு 400க்கும் 402க்கும் நடுவிலேயே நடந்துகொண்டிருந்தது. 3:05க்கு 401. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று இருந்தபோது மின்விசிறி நின்றது. ரௌட்டரின் விளக்கும் அணைந்தது.

மச்சான் பின்கட்டிலிருந்து வந்தான். “அத்தான், கரண்ட் போட்டுது. என்ர போனிலை டேட்டா கிடக்கு, ஹொட்ஸ்பொட் போட்டுவிடவோ?” என்றான். “போடு மச்சான், சீக்கிரம்” என்றேன். லேப்டாப்பில் பேட்டரி நிற்காது, அதனால் என் போனில் தரகரின் ஆப்பைத் திறந்தேன். புது இணைப்பு என்பதாலோ என்னவோ, மறுபடி லாகின் கேட்டது. OTP இந்தியச் சிம்முக்கு வரவேண்டும், ரோமிங்கில் அது வரவே வெகுநேரம் ஆனது. உள்ளே போனபோது 3:20 ஆகியிருந்தது. பொசிஷன் பக்கத்தில் 750 அப்படியே நின்றது. அப்பாடா என்று மார்க்கெட் விலையில் 750 விற்பனை அழுத்தினேன். ஆர்டர் நிறைவேறியது, சராசரி ₹398.30.

பக்கம் புதுப்பித்ததும் நெஞ்சு அடைத்தது. பொசிஷன் பூஜ்யமாக இல்லை, −750 என்று இருந்தது. ஆர்டர் புத்தகத்தைத் திறந்தால், எனக்குச் சில வினாடி முன்பே தரகரின் ஆர்டர் கிளம்பி, துண்டு துண்டாகச் சராசரி ₹398.60க்கு 750 விற்றிருந்தது. அவர்களும் விற்றார்கள், நானும் விற்றேன். என்னிடம் இல்லாத 750 பங்கை நான் விற்றவனாக ஆகிவிட்டேன்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பிறகு ஆர்டர் நேரங்களை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். என் ஸ்டாப் லாஸ் விற்பனை ஆர்டர் நின்றிருந்த வரைக்கும், இன்னொரு 750 விற்க முயன்றால் கணினி அதை இல்லாத பங்கை விற்கும் புது ஷார்ட்டாக எடுத்துக்கொண்டு மார்ஜின் கேட்டிருக்கும். மார்ஜின் இல்லாததால் நிராகரித்திருக்கும். அதுவே ஒரு பாதுகாப்பு. ஆனால் கெடு வந்ததும் தரகர் முதலில் செய்வது, நிலுவையில் இருக்கும் ஆர்டர்களை எல்லாம் ரத்து செய்வது. அடுத்துத்தான் மார்க்கெட் ஆர்டர் போகிறது. ரத்து ஆனதற்கும் அவர்களது விற்பனை முடிந்ததற்கும் இடையே உள்ள அந்தச் சில வினாடியில் கணினிக்கு என் ஆர்டர் சாதாரண வெளியேற்றமாகத்தான் தெரிந்தது. இரண்டும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த பத்து நிமிடம்தான் கொடுமை. 750ஐத் திரும்ப வாங்கப் போனேன். MIS கெடு முடிந்துவிட்டது, புது ஆர்டர் ஏற்காது. சரி, டெலிவரி வகையில், CNC என்று, வாங்கலாம் என்றால் அதற்கு முழு ₹3,00,000 வேண்டும். குறைந்தபட்சம் கொஞ்சமாவது வாங்கிவிடலாம் என்று பார்த்தால், திறந்து கிடந்த ஷார்ட்டுக்கே இருந்த மார்ஜின் எல்லாம் போய்விட்டது, பத்துப் பங்குக்குக்கூட நிராகரிப்பு. போனில் ஆர்டர் எடுக்கும் தரகரின் டீலிங் டெஸ்க்குக்குக் கூப்பிடலாம் என்றால் போனில் சர்வதேச அழைப்புக்கு மீதி இல்லை. மச்சான் கடைக்கு ஓடி ரீலோட் போட்டு வந்தான். அழைப்பு போனது, காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 3:30 ஆகிவிட்டது.

விற்ற பங்கை மறுநாள் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் T+1 செட்டில்மென்ட். கொடுக்க முடியாவிட்டால் பரிவர்த்தனை மையம் ஏலத்தில் வாங்கி, வாங்கியவருக்குக் கொடுக்கும். ஏலத்தில் என்ன விலை வருகிறதோ அதை நாம் கொடுக்க வேண்டும். ஏலத்தில் விற்பவர்களுக்குத் தெரியும், வாங்குவது கட்டாயம் என்று. அதனால் விலை சந்தையைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஏலத்தில் பங்கே கிடைக்காவிட்டால் இன்னும் மோசமான விலையில் கணக்கு முடிப்பார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. மனைவியிடம் சொல்லவும் மனம் வரவில்லை, அவளுக்கு அம்மாவின் கவலையே போதும். மறுநாள் பங்கு உயர்ந்தே திறந்தது. ஏலத்தில் எனக்கு ₹415 விழுந்தது.

கணக்கைப் பாருங்கள். முதல் விற்பனையில் பங்குக்கு ₹1.40 நட்டம், 750க்கு ₹1,050. தரகு, எஸ்டிடி, முத்திரை வரி, அவர்களே முடித்துவைத்ததற்கான ₹50 கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ₹212. இதோடு நின்றிருந்தால் ₹1,262, அன்றே மறந்திருப்பேன். இரண்டாவது விற்பனையில் ₹398.30க்கு விற்று ₹415க்கு வாங்கியதாக ஆனது. பங்குக்கு ₹16.70, 750க்கு ₹12,525. ஆக முக்கால்வாசிக்கும் மேலான நட்டம் அந்தச் சில வினாடியில் வந்தது. மொத்த நட்டம் ₹60,000ல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. தரகருக்கு எழுதிக் கேட்டேன். கெடு நேரத்தில் வாடிக்கையாளர் தனியாக ஆர்டர் போட்டால் இரட்டிப்பாகலாம், பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று விதிமுறையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இருக்கத்தான் செய்கிறது. அதை விற்பனைப் பட்டனுக்கு மேலே மூன்று மணிக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முதல் விஷயம் ஆர்டர் போடும் விதம். வெளியே வர வேண்டும் என்றால் புதிதாக ஒரு விற்பனை ஆர்டர் போடுவதில்லை. ஏற்கனவே நிற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டரையே திருத்தி மார்க்கெட் ஆர்டராக மாற்றிவிடுவேன். அப்போது என் பக்கத்தில் விற்பனை ஆர்டர் ஒன்றே ஒன்றுதான் எப்போதும் இருக்கும். தரகர் அதை முந்தி ரத்து செய்திருந்தால் திருத்தம் தோற்றுப்போகும், அவ்வளவுதான். இரட்டிப்பாக வழியே இல்லை. அத்தோடு, கெடுவுக்கு ஐந்து நிமிடம் முன்பிலிருந்து பொசிஷன் பூஜ்யம் காட்டும் வரை எந்தப் புது ஆர்டரும் கிடையாது. அந்த நேரத்தில் பொசிஷன் பக்கத்தை நம்பாமல் ஆர்டர் புத்தகத்தைப் பாருங்கள். உங்கள் ஸ்டாப் லாஸ் ரத்து என்று காட்டினால் அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். கையை எடுத்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் இதே பேச்சுதான். பரிவர்த்தனை மையத்தில் நிற்கும் ஸ்டாப் லாஸுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் கடைசி நேரத்து வேலை. கடைசி நேரம் வரை பொசிஷன் ஏன் நின்றது என்பதுதான் பெரிய கேள்வி, அதற்குப் பதில் 2:05லேயே இருந்தது. ₹6 இலக்கு வைத்தேன். அந்தப் பங்கு எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று பார்த்தேனா என்பதை யோசித்து, பழைய சார்ட்டை எடுத்து அளந்தேன். சார்ட்டில் ஐந்து நிமிட விலை நகர்வைக் காட்டும் மெழுகுவர்த்தி ஒன்றின் சராசரி உயர்வு தாழ்வு வீச்சு, அதாவது ATR, அன்று சுமார் ₹1.20. விலை நேர்கோட்டில் போவதில்லை, ஏறி இறங்கிப் போகிறது. அதனால் நேரம் நாலு மடங்கானால் பயணம் இரண்டு மடங்குதான் ஆகும், பொதுவாக நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். ₹6ஐ ₹1.20ஆல் வகுத்தால் 5. ஐந்தின் வர்க்கம் 25. அதாவது ₹6 நகர இருபத்தைந்து மெழுகுவர்த்தி வேண்டும், 125 நிமிடம். நான் வாங்கியது 2:05, தரகரின் கெடு வரை 75 நிமிடம்தான். இலக்குக்கு வேண்டிய நேரமே சந்தையில் இல்லை.

இதைத் திருப்பிப் போட்டால் நுழையும் முன்பே தெரிந்துவிடும். எனக்கென்று ஒரு கெடு வைத்துக்கொண்டேன், 3:00. தரகரின் 3:20க்கு இருபது நிமிடம் முன்னால். 2:05க்கு வாங்கினால் எனக்கு 55 நிமிடம், பதினோரு மெழுகுவர்த்தி. பதினொன்றின் வர்க்கமூலம் 3.3, அதை ₹1.20ஆல் பெருக்கினால் ₹4க்குக் கொஞ்சம் கீழே. இது மிக நல்ல நிலையில் வரக்கூடியது, ஏனென்றால் ATR மெழுகுவர்த்தியின் முழு வீச்சை அளக்கிறது, நிகர நகர்வு அதைவிடக் குறைவு. ஆகவே ₹3 இலக்குதான் நியாயம். ஸ்டாப் லாஸும் ₹3 என்றால் அந்த வாங்கலுக்கு அர்த்தமே இல்லை, விட்டுவிட வேண்டியதுதான். அன்று இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் ஆர்டரே போயிருக்காது.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, உங்கள் பழைய ஆர்டர் பதிவு. இலக்கைத் தொட்ட வர்த்தகங்களை மட்டும் எடுத்து, வாங்கியதிலிருந்து முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். எனக்குப் பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்திருந்தன. என் கெடு 3:00லிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் 1:30. அதுதான் முழு இலக்கோடு உள்ளே போக எனக்குக் கடைசி நேரம். 1:30க்கு மேல் 2:15 வரை, பாதி எண்ணிக்கையில், சிறிய இலக்கோடு மட்டும். அதற்கு மேல் MIS கிடையாது. நட்டத்தில் முடிந்தவற்றைச் சேர்க்காதீர்கள், அவை சீக்கிரமே முடிந்து சராசரியைக் குறைத்துக் காட்டும்.

உள்ளே போன பிறகும் நேரத்துக்கு ஒரு ஸ்டாப் உண்டு. எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதி ஓடியும் விலை இலக்கின் பாதித் தூரத்துக்கு வரவில்லை என்றால் பாதியை விற்றுவிடுவேன், அதற்கேற்ப ஸ்டாப் லாஸ் ஆர்டரின் எண்ணிக்கையையும் முதலில் குறைத்துவிட்டு. இந்த வரிசை முக்கியம், முதலில் குறை, பிறகு விற்பனை. 3:00க்கு மீதி எதுவாக இருந்தாலும் வெளியே. லாபம் இன்னும் வரும்போல இருந்தாலும் வெளியே. கடைசி இருபது நிமிடத்தில் விலை அதிகம் ஆடும் என்பது உண்மைதான், ஆனால் பல தரகர்களின் கட்டாய விற்பனை அதே நேரத்தில்தான் கொட்டுகிறது. அன்று 401ல் இருந்த பங்கு 398க்கு வந்ததில் அதுவும் சேர்ந்திருக்கும். வாங்குபவர்கள் குறைவாக இருக்கும் பங்கில் 750 பங்குக்கே விலை இறங்கும்.

லெவரேஜையும் நேரத்தோடு கட்டிவிட்டேன். ஐந்து மடங்கு எடுத்தால், முடிக்க முடியாமல் போகும்போது டெலிவரியாக மாற்றவும் முடியாது, ஏனென்றால் மீதி நாலு மடங்குப் பணம் கையில் இல்லை. இரண்டு மடங்கோடு நிறுத்தினால், ₹60,000க்கு ₹1,20,000 அளவுதான் வாங்கியிருப்பேன். அவசரத்துக்கு ₹60,000 வங்கியிலிருந்து ஏற்றி, கெடுவுக்கு முன் CNC ஆக மாற்றி, மறுநாள் நிதானமாக விற்கலாம். மதியத்துக்கு மேல் எடுப்பதற்கு என் வரம்பு இப்போது இரண்டு மடங்குதான். ஷார்ட் போவதாக இருந்தால் இந்த வழியும் கிடையாது, இல்லாத பங்கை டெலிவரியாக மாற்ற முடியாது. பங்கு ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் தரகராலும் வாங்க முடியாது, நேரே ஏலம்தான். அதனால் ஷார்ட்டுக்கு என் கெடு இன்னும் முன்னால், 2:45.

வெளியூரிலிருந்து செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தியச் சிம்முக்கு வரும் OTPயை நம்பாமல், போனிலேயே எண் காட்டும் TOTP முறையை லாகினுக்கு முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. அப்புறம், டீலிங் டெஸ்க் எண்ணை +91 சேர்த்துச் சேமித்து, அதற்கான மீதியைக் காலையிலேயே போட்டு வையுங்கள். இரட்டிப்பாகிவிட்டது என்று தெரிந்த அந்த நொடியே கூப்பிட்டு, “கட்டாய முடிப்பும் என் ஆர்டரும் இரண்டும் நிறைவேறி ஷார்ட் நிற்கிறது, 3:30க்குள் வாங்கி முடியுங்கள்” என்று பங்கின் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். இடர் மேலாண்மைப் பிரிவால் உங்கள் மார்ஜினைப் பார்க்காமல் ஆர்டர் போட முடியும், உங்களால் முடியாது. ஆப்பில் வேறு வழி தேடி நான் இழந்த முதல் ஐந்து நிமிடத்தில் அந்த அழைப்பு போயிருந்தால் ₹400ஐ ஒட்டியே அது முடிந்திருக்கலாம்.